கிணற்றின் அடியில் இருவர் மயங்கிக் கிடந்தால்: நிலத்துக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

தூர்வாரவும் பம்புசெட்டைச் சரிசெய்யவும் கிணற்றில் இறங்குகிறவர்கள் விஷவாயு தாக்கி விழும் செய்தி கோடைதோறும் வருகிறது. அந்த நேரத்தில் மேட்டில் நின்று முதலில் தகவல் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் நிலத்துக்காரர்தான். அவர் சொல்லும் செய்தி தீயணைப்பு வீரர்களுக்கும் மருத்துவருக்கும் காவல்துறைக்கும் போய்ச் சேர்கிறது. அதில் ஒரு விவரம் விடுபட்டாலும் சிகிச்சையே மாறிப்போகலாம்.

விளக்கத்துக்காகப் பல ஊர்களில் நடப்பதைக் கொண்டு ஒரு மாதிரி நிகழ்வை எடுத்துக்கொள்கிறேன். 50 அடி ஆழமும் 20 அடி விட்டமும் கொண்ட திறந்தவெளிக் கிணறு. மேலே கல்கட்டு, கீழே பாறை. இரண்டு ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இல்லை. அடியில் பத்தடித் தண்ணீர், அதற்குக் கீழே இலைச்சருகு மக்கிய சேறு. தண்ணீரை இறைக்க ஒரு பெட்ரோல் பம்பை 25 அடியில் உள்ள பாறைத் திட்டில் இறக்கிக் காலை ஏழு மணி முதல் ஒன்பதரை மணி வரை ஓட்டுகிறார்கள். நிறுத்திவிட்டு, பத்து மணிக்கு இரண்டு தொழிலாளர்கள் மண்வெட்டியும் கூடையுமாக இறங்குகிறார்கள். ஒருவர் கூடையை நிரப்பிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்து சரிகிறார். "என்னண்ணே?" என்று அவரைத் தூக்கப் போனவரும் விழுகிறார்.

இரண்டு பேரும் கீழே கிடக்கிறார்கள், கூப்பிட்டால் குரல் இல்லை. நான் முதலில் செய்ய வேண்டியது என்ன?

மூன்றாவது ஆள் இறங்காமல் தடுப்பது. தொலைபேசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே இது நடக்க வேண்டும். கீழே கிடப்பவரின் தம்பியோ மகனோ பக்கத்தில் இருந்தால் அவர் நிச்சயம் பாய்வார். படிக்கட்டின் தலைப்பில் இரண்டு பேரை நிறுத்துங்கள், ஏணியோ கயிறோ இருந்தால் மேலே இழுத்துவிடுங்கள்.

கிணற்றுக்குள் எதுவும் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். மின்மோட்டார் என்றால் மேலே உள்ள ஃப்யூஸைப் பிடுங்கிவிடுங்கள், ஏனென்றால் விழுந்தது வாயுவாலா மின்சாரத்தாலா என்று மேட்டில் நின்று கண்டுபிடிக்க முடியாது. பிறகு 112 அல்லது 101.

இறங்கியவர்களின் உடலில் ஏற்கெனவே கயிறு கட்டி, அதன் மறுமுனை மேலே இருந்தால் மட்டும் நிலைமை வேறு. உடனே இழுங்கள், யாருக்கும் காத்திருக்க வேண்டாம். கயிறு கட்டி இறங்கச் சொல்வதே இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்.

போனில் என்ன சொல்ல வேண்டும்? பதற்றத்தில் வாய் குழறுகிறது.

"கிணற்றில் ஆள் விழுந்துவிட்டார்" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் கேட்பவர் தண்ணீரில் மூழ்கியதாக எடுத்துக்கொள்வார், வருகிறவர்களும் அதற்குத் தயாராகவே வருவார்கள். "கிணற்றுக்குள் விஷவாயு தாக்கி இரண்டு பேர் மயங்கிக் கிடக்கிறார்கள், சுவாசக் கருவியோடு வாருங்கள்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் வண்டியில் ஏற்றப்படும் கருவியை மாற்றும்.

அடுத்து ஊர்ப்பெயர், எந்தச் சாலையிலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், கிணற்றின் ஆழம், அடியில் தண்ணீர் எவ்வளவு, படி இருக்கிறதா, உள்ளே இன்ஜின் ஓடியதா, வெடி வைக்கப்பட்டதா. இவ்வளவையும் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடலாம். 108 ஆம்புலன்ஸையும் தனியாக அழைத்து, இரண்டு பேர் என்பதை அழுத்திச் சொல்லுங்கள், ஒரு வண்டி போதாது. வெளிச்சாலைக்கு இருசக்கர வாகனத்தில் ஒருவரை அனுப்பி வண்டிகளுக்கு வழிகாட்டச் செய்யுங்கள். தோட்டத்துப் பாதையில் தடம் தெரியாமல் வண்டி நிற்கும் நேரம் உயிர் போகிற நேரம்.

தீயணைப்பு வண்டி வர அரை மணி நேரம் ஆகும். இடுப்பில் கயிறு கட்டி, வாயில் ஈரத்துணி கட்டி ஒருவரை இறக்கினால் என்ன?

வேண்டாம். ஈரத்துணி தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. காற்றில் ஆக்சிஜனே குறைந்திருந்தால் எந்த முகக்கவசமும் ஆக்சிஜனை உண்டாக்கிவிடாது.

மத்தியப் பிரதேசத்தின் காண்ட்வா மாவட்டத்தில் கொண்டாவத் என்ற கிராமத்தில் 2025 ஏப்ரலில் இதுதான் நடந்தது. திருவிழாவில் சிலைகளைக் கரைப்பதற்காகக் கிணற்றைச் சுத்தம் செய்ய இறங்கியவர்கள் மயங்க, காப்பாற்ற இறங்கியவர்களும் அடுத்தடுத்து விழுந்தார்கள். எட்டுப் பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில் சத்தீஸ்கரின் கிக்கிர்தா கிராமத்தில், கிணற்றுக்குள் விழுந்த மரப்பலகையை எடுக்க ஒருவர் இறங்கினார். அவரைத் தூக்க ஒருவர், அந்த இருவரைத் தூக்க வேறு சிலர் என்று ஐந்து பேர் போனார்கள். அவர்கள் எல்லோரும் நல்ல மனதோடு இறங்கியவர்கள். அதனால்தான் இதைக் கடுமையாகச் சொல்கிறேன்.

இடுப்புக் கயிற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. இடுப்பில் மட்டும் கட்டிய கயிற்றால் மயங்கிய ஆளைத் தூக்கினால் உடல் இரண்டாக மடங்கித் தலைகீழாகத் தொங்கும், படிக்கல்லில் இடிக்கும், கயிறு உருவிக்கொள்ளவும் செய்யும். தோள்களையும் தொடைகளையும் சுற்றிப் பிடிக்கும் பாதுகாப்புப் பட்டையில்தான் மயங்கிய உடல் நிமிர்ந்தபடி மேலே வரும்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்பதா?

மேலிருந்தபடியே செய்யக்கூடியது ஒன்று உண்டு, அது நிஜமாகவே உதவும். கீழே நல்ல காற்றை அனுப்புங்கள். தோட்டத்தில் மருந்தடிக்கும் விசைத்தெளிப்பான், பஞ்சர் கடையின் கம்ப்ரஸர், பட்டறைக் காற்றூதி, எது அருகில் கிடைத்தாலும் அதன் குழாயைக் கயிற்றில் கட்டி, விழுந்தவர்களின் முகத்துக்கு அருகே இறக்கி ஊதுங்கள். இன்ஜினில் ஓடும் கருவி என்றால் அதைக் கிணற்றிலிருந்து தள்ளி, அதன் புகை காற்று உறிஞ்சும் வாய்க்கோ கிணற்றுக்கோ வராதபடி வையுங்கள். இல்லையென்றால் புகையையே உறிஞ்சிக் கீழே அனுப்புவீர்கள். பூச்சிமருந்து இருந்த தெளிப்பான் என்றால் தொட்டியைக் கழற்றி, வெறும் காற்று மட்டும் வரும்படி செய்துகொள்ளுங்கள்.

வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி மேலும் கீழுமாக அடிப்பதும், வாளி வாளியாகத் தண்ணீரைத் தூவுவதும் நம் ஊர்ப் பழக்கம். காற்றைக் கொஞ்சம் கலக்கும் என்பது உண்மை, செய்வதில் தவறில்லை. ஆனால் "கொத்து அடித்தாயிற்று, இனி இறங்கலாம்" என்ற முடிவுக்கு அது இடம் தராது. வெல்டிங் பட்டறையின் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடுவதை மட்டும் செய்யாதீர்கள். அடியில் மீத்தேனும் சேர்ந்திருந்தால் ஒரு பொறி போதும்.

இது என்ன வாயு? நேற்றுவரை அந்தக் கிணற்றில் ஒன்றும் ஆகவில்லையே.

நம் மாதிரி நிகழ்வில் இரண்டு காரணங்கள் ஒன்றுசேர்ந்திருக்கின்றன.

முதலாவது கிணற்றின் சொந்தக் காற்று. சேற்றில் மக்கும் இலையும் பாசியும் ஆக்சிஜனை உறிஞ்சிக் கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. சுற்றியுள்ள மண்ணின் இடுக்குகளிலும் அதே காற்றுதான் நிறைந்திருக்கிறது. கரியமில வாயு சாதாரணக் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, அடியில் தங்கும். சாணக்கரைசலோ கழிவோ விழும் பாழுங்கிணறு என்றால் ஹைட்ரஜன் சல்பைடும் சேரும். மகாராஷ்டிரத்தின் அகமதுநகர் மாவட்டத்தில் 2024 ஏப்ரலில் ஒரு பூனையைக் காப்பாற்ற இறங்கி ஐந்து பேர் இறந்தது இப்படிச் சாணக்குழியாகப் பயன்பட்ட பழைய கிணற்றில்தான்.

கோடையில் இது மோசமாகும். வெளிக்காற்று சூடாகவும் கிணற்றடிக் காற்று குளிர்ந்தும் இருப்பதால், கனமான குளிர்காற்று அசையாமல் கீழேயே கிடக்கும். குளிர்கால இரவில் வெளிக்காற்று குளிர்ந்து உள்ளே இறங்கிக் கிணற்றைத் தானாகவே கழுவிவிடும், கோடைப் பகலில் அது நடப்பதில்லை. மழைக்கு முன் காற்றழுத்தம் குறையும்போது மண்ணிடுக்குகளில் உள்ள காற்று கிணற்றுக்குள் கசியும். அதனால் நேற்று இறங்கி ஏறிய கிணறு இன்று ஆளைச் சாய்க்கலாம்.

இரண்டாவது காரணம் அந்தப் பெட்ரோல் பம்பு. அதை ஏன் உள்ளே இறக்குகிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டால்தான் இந்த விபத்து ஏன் திரும்பத் திரும்ப நடக்கிறது என்பது விளங்கும். உறிஞ்சும் பம்பு தண்ணீரை இழுப்பது காற்றழுத்தத்தின் பலத்தில்தான். கணக்குப்படி 34 அடி, நடைமுறையில் 20 முதல் 25 அடி. அதற்கு மேல் எந்த உறிஞ்சும் பம்பும் இழுக்காது. 50 அடிக் கிணற்றின் அடித்தண்ணீரை மேட்டில் வைத்த பம்பால் எடுக்க முடியாது என்பதால், பாதி ஆழத்தில் உள்ள திட்டில் இன்ஜினோடு இறக்கிவிடுகிறார்கள். மேலிருந்து பார்த்தால் புகை ஏறிப் போவதுபோல் தெரியும். ஆனால் ஆறிய புகை உள்ளேயே கலந்து தங்கிவிடும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை, காற்றின் எடைதான். பெட்ரோல், மண்ணெண்ணெய் இன்ஜின்களில் இது மிக அதிகம். டீசல் இன்ஜினில் குறைவு என்றாலும் அதுவும் ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் விடுகிறது.

"நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டோமே" என்று சொல்வார்கள். ஆறியது இன்ஜின் மட்டும்தான். உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ள எதுவும் இல்லாதபோது அரை மணியிலும் அது அப்படியே இருக்கும்.

மெழுகுவர்த்தி இறக்கிப் பார்த்தோம், அணையவில்லை. அப்புறம் எப்படி?

ஆக்சிஜன் சுமார் 16 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் மெழுகுவர்த்தி அணையும். நல்ல காற்றில் 20.9 சதவீதம் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடைச் சுடர் கண்டுபிடிக்காது, ஏனென்றால் ஆளைக் கொல்லும் அளவு அது ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். ஹைட்ரஜன் சல்பைடுக்கும் இதே கதை. மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் சுடரே வெடியைக் கிளப்பும்.

சுடர் அணைந்தால் இறங்கக்கூடாது என்பது மட்டும் உறுதி. எரிந்தால் இறங்கலாம் என்பது பொய்.

மூக்கை நம்புகிறவர்களும் உண்டு. அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடின் அடையாளம்தான், ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டினால் அது மோப்ப நரம்பையே மரக்கச் செய்துவிடும். "முதலில் நாறியது, இப்போது போய்விட்டது" என்று கீழேயிருந்து யாராவது சொன்னால் அந்தக் கணமே மேலே ஏற்ற வேண்டும்.

ஊர்ப் பெரியவர்கள் முனி அடித்துவிட்டது என்கிறார்கள். ஒரே இடத்தில் இரண்டு பேரும் விழுந்தது எப்படி?

முதல் ஆள் விழுந்த இடம் கிணற்றின் மிகத் தாழ்ந்த பள்ளம். கனமான காற்று தேங்கும் இடமும் அதுவே. இரண்டாமவர் அவரைத் தூக்கக் குனிந்தார், அதனால் அவர் மூக்கும் அதே உயரத்துக்கு இறங்கியது. நின்றபடி தாக்குப்பிடித்தவர் குனிந்ததும் சாய்வது இதனால்தான். ஆக்சிஜன் பத்து சதவீதத்துக்குக் கீழே போன காற்றில் மூச்சுத் திணறும் உணர்வு வருவதற்கு முன்பே நினைவு தப்பிவிடலாம். கத்தக்கூட அவகாசம் இருக்காது. பெரியவர்கள் கண்ட காட்சி பொய்யில்லை. அந்தக் கிணற்றுக்கு யாரும் போகாதே என்ற அவர்கள் எச்சரிக்கையும் தவறில்லை.

மேலே தூக்கி வந்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை என்றால்?

கிணற்றடியிலிருந்து பத்திருபது அடி தள்ளி, காற்றோட்டமான இடத்தில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, இரண்டு அங்குலம் இறங்கும்படி அழுத்துங்கள். வாயோடு வாய் வைத்து ஊதுவது இங்கே ஆபத்து. அவர் நுரையீரலில் ஹைட்ரஜன் சல்பைடு இருந்தால் ஊதுகிறவரையும் பாதிக்கும். மூச்சு இருந்து நினைவு இல்லை என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சோடாவும் வேண்டாம். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

ஆஸ்பத்திரியில் விரலில் கருவி மாட்டி 98 என்றார்கள். அப்படியானால் ஆபத்து இல்லைதானே?

இந்தக் கேள்விக்குத்தான் நிலத்துக்காரரின் வாய்மொழி உயிரைக் காக்கிறது. விரலில் மாட்டும் அந்தச் சாதாரணக் கருவி இரத்தத்தின் நிறத்தைப் பார்த்து அளவைச் சொல்கிறது. கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தமும் ஆக்சிஜன் ஏறிய இரத்தத்தைப் போலவே அதற்குத் தெரியும். உயிருக்குப் போராடுகிறவருக்கும் அது 98 என்று காட்டும்.

மருத்துவருக்கு இந்த விஷயம் தெரியும். ஆனால் உள்ளே இன்ஜின் ஓடியது என்று யாராவது சொன்னால்தானே அவர் சந்தேகிப்பார்? "கிணற்றில் விஷவாயு" என்று மட்டும் சொல்லிவிட்டு, வழக்கு வருமே என்ற பயத்தில் பம்பை மறைத்தால், அளவு சரியாக இருக்கிறதே என்று ஆக்சிஜனை நிறுத்திவிடும் வாய்ப்பு இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். வெறும் காற்றைச் சுவாசித்தால் அதில் பாதி வெளியேறவே நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகும். அது இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதைத் தனி இரத்தப் பரிசோதனையில் பார்க்கலாம், அந்தப் பரிசோதனையைக் கேளுங்கள்.

ஆகவே ஆம்புலன்ஸில் ஏறும்போதே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்: "கிணற்றுக்குள் பெட்ரோல் பம்பு ஏழு மணி முதல் ஒன்பதரை வரை ஓடியது. பத்து மணிக்கு இறங்கினார்கள். பத்தேகாலுக்கு மயங்கினார்கள். பத்தே முக்காலுக்கு மேலே எடுத்தோம்." இந்த நாலு வரிதான் சிகிச்சையின் தொடக்கம்.

மூன்றாவதாக எட்டிப் பார்த்துவிட்டு ஏறி வந்தவர் தலைவலி என்கிறார், ஆனால் நடமாடுகிறார். அவரையும் கூட்டிப்போக வேண்டுமா?

ஆம், அன்றைக்கே. தலைவலியும் குமட்டலும் கார்பன் மோனாக்சைடின் முதல் அறிகுறிகள். வெடி வைத்த கிணறு என்றால் இன்னும் கவனம் வேண்டும். வெடிப்புகையில் உள்ள நைட்ரஜன் டை ஆக்சைடு உடனே ஆளைச் சாய்க்காது. லேசான இருமலோடு வீட்டுக்குப் போனவருக்கு சில மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள், நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். ஓர் இரவாவது மருத்துவமனையில் கண்காணிப்பில் இருக்கட்டும்.

அதிகாரிகளில் யாருக்கு, எந்த வரிசையில் தெரிவிக்க வேண்டும்?

112க்குச் சொன்னாலே காவல்துறைக்கும் செய்தி போய்விடும். அதன் பிறகு கிராம நிர்வாக அலுவலருக்குப் பேசுங்கள். அவர் இல்லையென்றால் கிராம உதவியாளருக்கு. அவர் வழியாகத்தான் வருவாய் ஆய்வாளருக்கும் தாசில்தாருக்கும் அறிக்கை போகும், பின்னாளில் குடும்பத்துக்குக் கிடைக்கும் உதவிக்கு அந்த அறிக்கையே அடித்தளம். ஊராட்சித் தலைவருக்குச் சொல்வது நல்லதுதான், ஆனால் அது மேற்சொன்ன இரண்டுக்கும் மாற்றாகாது.

யாராவது இறந்துவிட்டால் இது விருப்பம் சார்ந்த விஷயமே இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 34ஆம் பிரிவு, கிராம அலுவலரையும் அந்தக் கிராமத்தில் வசிக்கும் ஒவ்வொருவரையும் இயற்கைக்கு மாறான மரணத்தை உடனே காவல் நிலையத்துக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தெரிவிக்கக் கடமைப்படுத்துகிறது. காவல் அதிகாரி 194ஆம் பிரிவின்படி நேரில் வந்து பிணவிசாரணை நடத்துவார், உடல் பிரேதப் பரிசோதனைக்குப் போகும். உறவினர்கள் அவசரப்பட்டு உடலை எடுத்துப்போய் அடக்கம் செய்ய முயன்றால் அன்போடு தடுத்துச் சொல்லுங்கள். பரிசோதனை அறிக்கை இல்லாத மரணத்துக்கு இழப்பீடு கேட்பது மிகக் கடினம்.

எழுத்தில் கொடுக்கச் சொன்னால் எப்படி எழுதுவது?

அலங்காரம் வேண்டாம். நேரமும் நடந்ததும் வரிசையாக இருந்தால் போதும். நம் மாதிரி நிகழ்வுக்கு இப்படி எழுதலாம்:

"ஐயா, எனக்குச் சொந்தமான ___ கிராமம், சர்வே எண் ___ நிலத்தில் உள்ள கிணற்றைத் தூர்வார இன்று ___ ஆகிய இருவரையும் தினக்கூலிக்கு அழைத்திருந்தேன். கிணறு சுமார் 50 அடி ஆழம். நீர் இறைக்கப் பெட்ரோல் பம்பை 25 அடி ஆழத்தில் வைத்துக் காலை 7 முதல் 9.30 மணி வரை இயக்கினோம். 10 மணிக்கு இருவரும் இறங்கினர். சுமார் 10.15 மணிக்கு முதலில் ஒருவரும், அவரைத் தூக்கச் சென்ற மற்றவரும் மயங்கி விழுந்தனர். 10.18 மணிக்கு 112க்கும் பிறகு 108க்கும் தகவல் கொடுத்தேன். வேறு யாரையும் இறங்கவிடவில்லை. தீயணைப்புத் துறையினர் 10.45 மணிக்கு இருவரையும் மேலே எடுத்தனர். பம்பும் கயிறும் அப்படியே உள்ளன. உடனிருந்தவர்கள்: ___."

கைபேசியின் அழைப்புப் பதிவில் நேரம் இருக்கும், அதைப் பார்த்து எழுதுங்கள். தெரியாததை ஊகித்து எழுத வேண்டாம். "விஷவாயு" என்பதுகூட உங்கள் ஊகம்தான். "மயங்கி விழுந்தனர்" என்பதே நீங்கள் கண்டது. முதல் தகவல் அறிக்கை பதிவானால் தகவல் கொடுத்தவருக்கு அதன் நகல் இலவசமாகக் கிடைக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

என் மேல் வழக்கு வருமா? பம்பை மேலே எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

வரலாம். கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் ஐந்து ஆண்டுகள்வரை தண்டனைக்கு இடம் உண்டு. உடனே தகவல் சொன்னதால் அது தானாக நீங்கிவிடாது. இறங்குமுன் காற்றைச் சோதித்தீர்களா, கயிறு கொடுத்தீர்களா, பம்பை எங்கே வைத்தீர்கள் என்பதையெல்லாம் விசாரணை பார்க்கும்.

ஆனால் பம்பை எடுத்து ஒளிப்பது வேறு குற்றம். சாட்சியத்தை மறைப்பதற்கு 238ஆம் பிரிவும், சொல்லக் கடமைப்பட்டவர் தகவல் சொல்லாமல் விடுவதற்கு 211ஆம் பிரிவும் இருக்கின்றன. அதோடு மேலே மருத்துவமனைக் கேள்வியில் சொன்னது போல, பம்பு மறைந்தால் சிகிச்சையும் திசை மாறும். உயிரோடு இருக்கும் ஒருவரைச் சாகக்கொடுத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் யோசனையை உங்களுக்குச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், அவர் பேச்சைக் கேட்காதீர்கள். வழக்கறிஞரைப் பாருங்கள், பம்பைத் தொடாதீர்கள்.

அந்தக் குடும்பங்களுக்கு என்ன கிடைக்கும்?

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினராக இருந்தால் விபத்து மரணத்துக்கு உதவித்தொகை உண்டு, கிராம நிர்வாக அலுவலர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். அமைப்புசாரா தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர் என்றால் அதற்குத் தனி மனு, அது தொழிலாளர் துறையில். வேலை கொடுத்தவரிடமிருந்து சட்டப்படி இழப்பீடு கோர முடியுமா என்பதையும் அதே துறை அலுவலகத்தில் கேட்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவை எல்லாவற்றுக்கும் தேவைப்படும். அந்த வீட்டார் எழுத்தறிவு குறைந்தவர்கள் என்றால் நிலத்துக்காரர் கூடவே போய் இவற்றை வாங்கித்தருவது அவர் கடமை என்றே நான் கருதுகிறேன்.

அடுத்த முறை எப்படித் தூர்வாருவது? அந்தக் கிணற்றில் எப்போது இறங்கலாம்?

இன்ஜினை இனி உள்ளே இறக்கவே வேண்டாம். மின்சாரத்தில் ஓடும் நீர்மூழ்கி மோட்டாரை இறக்குங்கள், அது கீழிருந்து தள்ளுவதால் 25 அடிக் கட்டுப்பாடு அதற்கு இல்லை. மின்இணைப்பு இல்லையென்றால் ஜெனரேட்டரைக் கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளி வைத்து அதை ஓட்டலாம். ஆள் இறங்குமுன் மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். பொக்லைனோ கிரேனோ கொண்டு மேலிருந்தே சேறு அள்ள முடிந்தால் ஆளே இறங்க வேண்டியதில்லை.

இறங்கியே ஆக வேண்டும் என்றால் காற்றூதியை வாடகைக்கு எடுங்கள். 20 அடி விட்டமும் 50 அடி ஆழமும் என்றால் கிணற்றுக்குள் சுமார் 15,700 கன அடி காற்று இருக்கிறது. நிமிடத்துக்கு 1,000 கன அடி ஊதும் கருவி அந்த அளவை ஊத 16 நிமிடம் ஆகும். ஆனால் புதுக்காற்று பழையதோடு கலந்துதான் வெளியேறும் என்பதால் ஒருமுறை ஊதினால் கெட்ட காற்றில் மூன்றில் ஒரு பங்கு உள்ளேயே நிற்கும். நான்கைந்து முறை மாற்ற வேண்டும், அதாவது ஒரு மணி நேரத்துக்கு மேல். குழாயின் வாய் தரையிலிருந்து மூன்று நான்கு அடிக்குள் இருக்க வேண்டும். வேலை முடிந்து கடைசி ஆள் மேலே வரும்வரை நிறுத்தக்கூடாது, ஏனென்றால் சேற்றைக் கிளறக் கிளற அதிலிருந்து புதிதாக வாயு வரும்.

பிறகு வாயுமானியைக் கயிற்றில் இறக்கி, மேல், நடு, அடி என்று ஒவ்வோர் உயரத்திலும் இரண்டு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். சந்தையில் பரவலாக உள்ளது நான்கு வாயுக்களைக் காட்டும் கருவி: ஆக்சிஜன், எரிவாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் அது கத்தும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தக் கருவி கரியமில வாயுவைக் காட்டாது. காற்றில் ஐந்து சதவீதம் கரியமில வாயு கலந்தாலும் ஆக்சிஜன் 20.9லிருந்து 19.9க்குத்தான் இறங்கும், கருவி அமைதியாக இருக்கும். ஆனால் கரியமில வாயு நான்கு சதவீதமே உயிருக்கு உடனடி ஆபத்து என்று கணக்கிடப்பட்ட அளவு. ஆகவே கிணற்றில் 19.5 என்ற எல்லையை நம்பாதீர்கள். அடியில் 20.5க்குக் குறைவாகக் காட்டினால் மறுபடி ஊதுங்கள், மறுபடி அளந்து பாருங்கள். கரியமில வாயுவையும் அளக்கும் கருவி கிடைத்தால் அதையே எடுங்கள்.

இறங்குகிறவர் ஒவ்வொருவருக்கும் முழு உடல் பட்டை, அதில் கட்டிய கயிறு, மேலே கப்பியில் அதைப் பிடித்திருக்கும் இரண்டு பேர். முதலில் ஒருவர் மட்டும் இறங்கட்டும். கருவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு, பத்தடிக்கு ஒருமுறை நின்று குரல் கொடுக்கட்டும். குரல் வரவில்லை என்றால் என்ன ஏது என்று கேட்டுக்கொண்டிருக்காமல் மேலே இழுத்துவிட வேண்டும்.